குறையப் பேசு, நிறையச் சாதி

உதை ஆரும் மனுசர் எழுதேல்லை. கேட்டால் எழுதித் தாற ஏஐ மெஷின் எழுதினது. கமக்காரர் அமைப்பு ஒண்டின்ரை அடுத்த வருசக் கலண்டருக்கு, நவம்பர் பக்கத்தில, பச்சை வயல் படத்துக்குக் கீழ, கொட்டை எழுத்தில. அச்சடிக்க முதல் சரிபார்க்க வந்த தாளில இதைக் கண்டிட்டும் உங்களுக்கு மண்டை சூடாகேல்லை எண்டால் நீங்கள் கிளிநொச்சிப் பக்கம் இருந்த ஆளில்லை.

குறையப் பேசு. இஞ்ச பேசுறது எண்டால் என்ன? ஏசுறது. வாயைத் திறந்து சொல்லுறதுக்குக் கதைக்கிறது எண்டு எங்களிட்டை ஒரு சொல்லு இருக்கு. "அம்மா பேசிப்போட்டா" எண்டு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அம்மா கதைச்சவ எண்டு ஆரும் விளங்கிறேல்லை. ஆக, குறைய ஏசு. சரி, அதையாவது ஒரு புத்திமதியா எடுப்பம், கனபேருக்குத் தேவையும் கூட. அடுத்தது? நிறையச் சாதி. தாளைப் பார்த்த ஒரு ஆச்சி கேட்டவ: "ஏன் மோனை, இப்ப இருக்கிற சாதி காணாதாமோ?"

இந்தக் கூத்து என்னண்டு நடந்தது எண்டு ஒருக்காப் பாருங்கோ. முதல் வந்த வரி இது: "குறைவாகப் பேசுபவரே வாழ்வில் நிறைவாகச் சாதிப்பார்." பரிசளிப்பு விழாத் தமிழ்தான், ஆனால் பிழையில்லை. கலண்டர்க்காரர் சுருக்கச் சொன்னாங்கள். "குறைவாகப் பேசுபவர் நிறைவாகச் சாதிப்பார்." இதுவும் பரவாயில்லை. "இன்னும் சாதாரணமா" எண்டாங்கள். "கம்மியா பேசு, கெத்தா சாதிச்சுக் காட்டு!" மெஷின் இரணைமடுவில இருந்து ஒரே பாய்ச்சலில சென்னைக்குப் போயிட்டுது. திரும்பவும் சுருக்கினாங்கள். "கம்மியா பேசு, கெத்தா சாதி." கடைசியில ஆரோ ஒருத்தருக்குப் புத்தி வந்து, கம்மியும் கெத்தும் எங்கட சொல்லில்லை, அதுகளை மட்டும் மாத்து எண்டு கேட்டிருக்கினம். மெஷினும் சொன்னதைச் செய்தது. அந்த ரெண்டையும் மட்டும் மாத்தினது. வந்து சேர்ந்தது நவம்பர்.

ஒவ்வொரு படியையும் தனியப் பாத்தால் கேட்டதுக்குத்தான் விடை வந்திருக்கு. பிழை எங்கையெண்டால், ஒவ்வொரு முறையும் முன்னுக்கு வந்த வரியில இருந்தே அடுத்ததை வெட்டினது. போட்டோக்கொப்பியைத் திரும்பத் திரும்பக் கொப்பி அடிச்சால் முகம் என்னண்டு கரையுமோ, அப்பிடி. "சாதிச்சுக் காட்டு" எண்டதில "காட்டு" போன நேரமே சொல்லின்ரை கருத்துப் போயிட்டுது. ஆனால் அதுக்குப் பிறகு ஆரும் மூலத்தைத் திரும்பிப் பார்க்கேல்லை. எத்தினை தரம் திருத்தினாலும் முதல் வந்த வரியைப் பக்கத்தில வைச்சு அதில இருந்துதான் வெட்ட வேணும். உது பெரிய வித்தையோ?

மற்றது அந்தச் "சாதாரணமா". அதென்ன சொல்லு? ஆருக்குச் சாதாரணம்? இந்த மெஷின் கோடிக்கணக்கான வரியைப் பார்த்துப் பழகினது. அதில பேச்சுத் தமிழ் எண்டு கிடக்கிறதில பெரும்பங்கு தமிழ்நாட்டுக்காரர் எழுதினது. சனத்தொகை அப்பிடி, அதுக்கு அவையைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் நீங்கள் பொத்தாம் பொதுவாச் "சாதாரணமா" எண்டால் அது அங்கதான் போய் விழும். "வன்னித் தமிழில" எண்டு கேட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு வரியிலையும் ஒரு "எண்டு", ஒரு "மோனை", ஒரு "கண்டியோ" செருகி நாடகக்காரன் கதைக்கிற மாதிரித் தரும். கலண்டருக்குக் கேட்ட 24 வரியில 24 மோனை வந்தால் அது கலண்டரோ, கூத்துக் கொட்டகையோ?

ஆர் ஆருக்குச் சொல்லுறது எண்டதை முதல் முடிவெடுக்கோணும். இந்தக் கலண்டருக்கு: வரம்பில நிக்கிற வயசுபோன கமக்காரர், பக்கத்தில நிக்கிற மருமகனுக்குச் சொல்லுறார். ஆளைப் பார்த்துச் சொல்லேல்லை, வயலைப் பார்த்துக்கொண்டு சொல்லுறார். அவ்வளவும் போதும், மிச்சம் எல்லாம் தானா வரும். அவர் "நீ" எண்டு விரல் நீட்டமாட்டார். "நாம்" எண்டு மேடையில ஏறமாட்டார். ஆச்சரியக்குறி அவருக்குத் தெரியாது. "ஆனைக்கும் அடி சறுக்கும்", "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" எண்டதுகளைப் பாருங்கோ. ஆரையும் கூப்பிடேல்லை, ஏவேல்லை, நடக்கிறதைச் சொல்லிப்போட்டு "உம்" எண்டு முடியுது. அந்த முடிவைத்தான் இந்தத் தொகுதிக்கும் பிடிக்கோணும். ஏவித்தான் சொல்லப் போறம் எண்டாலும் பிழையில்லை, ஆத்திசூடி முழுக்க ஏவல்தான். ஆனால் அது கடைசி வரைக்கும் ஏவல். நடுவில நிண்டு "நாம் அனைவரும் ஒன்றிணைவோம்" எண்டு கூட்டம் கூட்டேல்லை.

வந்த 24 வரியின்ரை கடைசிச் சொல்லுகளை மட்டும் எடுத்து ஒரு தாளில மேலிருந்து கீழ எழுதிப் பாத்தால் விசர் பிடிக்கும். 9 வரி "வரும், விளையும், நிக்கும்" எண்டு முடியுது. 6 வரி "செய், நில், சாதி" எண்டு "நீ" போட்டுச் சொல்லுற ஏவல். 4 வரி "செய்யுங்கள், காப்பாற்றுங்கள்" எண்டு மரியாதை. 3 வரி "ஆகும்" எண்டு பாடப்புத்தகம். மிச்சம் 2 ஆச்சரியக்குறி போட்டுக் கத்துது. ஜனவரியில மருமகன், மார்ச்சில பெரியவர், ஜூனில வகுப்புப் பிள்ளை, நவம்பரில சாதி. தமிழில ஆர், எவ்வளவு மரியாதை, எழுத்துத் தமிழோ வாய்த்தமிழோ எண்ட முழு வழக்கும் வரியின்ரை வாலிலதான் தொங்குது. ஆகவே முழு வரியையும் 24 தரம் வாசிச்சுக் களைக்கத் தேவையில்லை. வாலை மட்டும் பாருங்கோ, 5 நிமிசத்தில பிழை பல்லைக் காட்டும். இதை ஆராவது செய்தவையோ? இல்லை. "எல்லாம் வடிவா வந்திருக்கு" எண்டு அனுப்பினவை.

பிறகு மாதிரி வரி. 4 வரியைக் கையால எழுதி முடிச்சுப்போட்டு, அதைக் காட்டி "இந்தக் குரலில" எண்டு கேக்கோணும். "எளிமையா, மண்வாசனையா, இயல்பா" எண்டு பத்து அடைமொழி அடுக்கிறதை விட 4 வரி கனக்கச் சொல்லும். ஒவ்வொரு தரமும் அந்த 4 வரியையும் திரும்ப ஒட்டுங்கோ, முந்திக் குடுத்ததுதானே எண்டு விடாதேங்கோ. கதை நீள நீள, அது கடைசியா வந்த வரிகளின்ரை குரலைத்தான் பிடிச்சுக்கொண்டு போகும். 24ஐயும் ஒரே மூச்சில குடுத்தால் எல்லாம் "இதைச் செய்தால் அது வரும்" எண்டு ஒரே அச்சில வார்த்த கல்லு மாதிரி வரும். ஒவ்வொண்டாக் குடுத்தால் ஒவ்வொரு வாய். ஆறு ஆறாக் குடுக்கிறது நடுவில நிக்கும்.

சுருக்கிறதையும் குரலை இறக்கிறதையும் ஒரே நேரம் கேக்கிறதும் ஒரு வியாதி. ரெண்டையும் சேர்த்துக் கேட்டால் மெஷின் கருத்தை வித்துப்போட்டு ஒலியை வாங்கும். உதாரணம் இந்தத் தண்ணி வரி. மூலம்: "நீரைச் சேமிக்கும் பழக்கம் நாளைய விளைச்சலைப் பாதுகாக்கும் அரணாகும்." சேர்த்துக் கேட்டதுக்கு வந்தது: "தண்ணி சேவ், லைஃப் சேஃப்!" வயலும் இல்லை, விளைச்சலும் இல்லை, ஓட்டோவுக்குப் பின்னால ஒட்டலாம். பிரிச்சுச் செய்து பாருங்கோ. முதல் சுருக்கம் மட்டும், எழுத்துத் தமிழிலயே: "சேமித்த நீர் நெல்லாய் வரும்." பழக்கமும் அரணும் போச்சு, தண்ணியும் நெல்லும் நிக்குது. பிறகுதான் சொல்லை இறக்கிறது: "மிச்சம் பிடிச்ச தண்ணி நெல்லாய் வரும்." ஒரு சொல்லுக் கூடினது, ஆனால் இப்ப அந்த வரம்பில நிக்கிற ஆள் சொல்லுறார். குறையக் கதைக்கிற வரியும் அப்பிடித்தான்: "கதை குறைஞ்சால் வேலை முடியும்." முடிஞ்சுது. ஏச்சும் இல்லை, சாதியும் இல்லை.

இதில ஒரு எல்லையும் இருக்கு. "பிடிச்ச, குறைஞ்ச" வரைக்கும் இறங்கலாம். "எண்டு, ஒண்டு, நிண்டு" எண்டு கலண்டரில அடிச்சால் சனம் ஒரு வருசம் அதை எழுத்துப்பிழை எண்டு பார்த்துக்கொண்டிருக்கும். நான் இஞ்ச அப்பிடி எழுதுறனே எண்டு கேளாதேங்கோ. இது வயித்தெரிச்சல், சுவரில தொங்கவிடுறதில்லை.

நீளத்தையும் சொல்லுக் கணக்கில குடுக்காதேங்கோ. "5 சொல்லுக்குள்ள" எண்டால் அது சொல்லுகளை ஒட்டி ஒரு கூட்ஸ் ரயில் விடும். படத்துக்குக் கீழ இருக்கிற இடம் 20 எழுத்துக்கு. தண்ணி வரி 18, கதை வரி 13. இதை விரல் விட்டு நீங்கள்தான் எண்ணோணும், மெஷினை நம்பேலாது. அது எழுத்தை எழுத்தாப் பார்க்கிறேல்லை, துண்டு துண்டாப் பார்க்கிறது. கணினியில எண்ணினாலும் கவனம்: பைதனில `len("கொக்கு")` எண்டு அடிச்சால் 6 வரும். எங்கட பாலர் வகுப்புப் பிள்ளை 3 எண்டு சொல்லும், பிள்ளைதான் சரி. க-வும் அதில ஒட்டுற குறியும் புள்ளியும் உள்ளுக்குத் தனித்தனியாக் கிடக்கிறதால வாற வில்லங்கம் அது. இந்தக் கணக்கை நம்பித்தான் 14 எழுத்து வரியை "நீளம்" எண்டு திருப்பி அனுப்பி, திரும்பவும் வெட்டுவிச்சவை.

சரி, 24ஐயும் மூலத்தில இருந்து திரும்ப எடுத்து, வாலைப் பார்த்து, ஆறு ஆறாத் திருத்தி, சத்தமா வாசிச்சு அனுப்பியாச்சு. பதில் வந்திருக்கு. வாசகம் எல்லாம் நல்லாம். ஆனால் விளம்பரம் ஒண்டு கூடிப்போச்சாம், படத்துக்குக் கீழ இடம் காணாதாம், வாசகத்தை எடுத்துப்போட்டு உர விலையைப் போடப் போகினமாம். ஆச்சி வேறை நேற்றுத் தொடக்கம் வாறவை போறவை எல்லாருக்கும் நிறையச் சாதி கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. எனக்கும் அடக்கேலாமல் வருது.

அதை விடுங்கோ. உந்தக் கலண்டரின்ரை மேல் தகரத்தை ஆர் அவ்வளவு மெல்லிசா அடிக்கிறது? மாசி பிறக்கக் கழண்டு விழுது.