பழைய சப்பாத்தின்னா அவ்வளவு கேவலமா?

ராத்திரி மீந்த சப்பாத்தியில உப்புமா செஞ்சு புள்ளைக்குக் கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸை ஒரு பொண்ணு போட்டோ எடுத்துப் போட்டிருந்தாங்க. ரெண்டு நாளா அந்தப் போட்டோவுக்குக் கீழே நடக்குற கூத்தை எல்லாரும் பார்த்துட்டுதான் இருக்கீங்க. முழுசாத் திரும்பச் சொல்லி அந்தப் பொண்ணை இன்னொரு தடவை நோகடிக்க விரும்பல. "ராத்திரி மீந்த சப்பாத்தியைப் பிச்சுப்போட்டு புள்ளைக்குக் கட்டிக் குடுக்குறியே, நீயெல்லாம் அம்மாவா"ன்னு ஒருத்தர் கேட்டாரே, அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

ஐயா, சப்பாத்தி உப்புமாவைப் புதுச் சப்பாத்தியில செய்யவே முடியாது. வேற வழியில்லாம பழசைப் போடல. அதுக்குப் பழசுதான் வேணும்.

சந்தேகமா இருந்தா இப்பவே சுட்ட நாலு சப்பாத்தியை மிக்சியில போட்டுப் பாருங்க. பிளேடைச் சுத்திக்கிட்டு ஒரே உருண்டையா நிக்கும். ராத்திரி சுட்டு ஃப்ரிட்ஜில வெச்சதை எடுத்தவுடனே, சூடு பண்ணாம, பிச்சுப்போட்டு விட்டு விட்டு மூணு நாலு சுத்து சுத்துங்க. உதிரி உதிரியா உடையும். சுடும்போது மாவுச்சத்து தண்ணியைக் குடிச்சு இளகுது, ஆறினதும் மெல்ல மறுபடி இறுகுது. ஃப்ரிட்ஜ் குளிர்ல இன்னும் வேகமா இறுகும். காய்ஞ்சுபோறது வேற, இது வேற. காத்துப் புகாத டப்பாவுல ஈரம் போகாம வெச்சாலும் விறைக்கத்தான் செய்யும். கொஞ்சம் ஈரமும் நல்ல சூடும் குடுத்தா திரும்ப இளகிடும். மொத்த உப்புமாவும் இந்த ஒரு விஷயத்துலதான் நிக்குது: விறைப்பா இருக்கும்போது உடைச்சுக்கணும், அப்புறம் ஆவியில இளக்கணும்.

நாலு சப்பாத்தின்னா ரெண்டு பேருக்கு வரும். பொரியை ரெண்டா உடைச்ச அளவுக்குத் தூள் இருக்கணும். அதுக்கு மேல மிக்சி ஓடினா மாவாப் போயிடும், தண்ணி பட்டதும் கட்டி தட்டும். வாணலியில ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெய்க் கணக்கு அப்புறம் பேசலாம், அதுக்கும் ஒருத்தர் வருவார். கடுகு, கொஞ்சம் பெருங்காயம், ரெண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கடலை சிவந்ததும் ஒரு பெரிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் கால் ஸ்பூன் மஞ்சத்தூள், உப்பு. உப்புல கவனம்: மாவு பிசையும்போதே ஒரு தடவை போட்டாச்சு, அதனால வழக்கமாப் போடுறதுல பாதி போதும். அப்புறம் தூளைக் கொட்டி ஒரு நிமிஷம் எண்ணெய் படப் பிரட்டணும். இந்த ஒரு நிமிஷத்தை விட்டுட்டு நேரா தண்ணி தெளிச்சாதான் களி மாதிரி ஆகுது. பிரட்டினதுக்கு அப்புறம் மூணு மேசைக்கரண்டி தண்ணியைக் கையால பரவலாத் தெளிச்சு, மூடி போட்டு, சிம்முல ரெண்டு நிமிஷம். திறந்தா தூள் லேசா உப்பி, விரல்ல நசுக்கினா மெத்துன்னு இருக்கணும். நறுக்குன்னு பட்டா இன்னும் ஒரு ஸ்பூன் தெளிச்சு ஒரு நிமிஷம் மூடுங்க. இறக்கிட்டு அரை மூடி எலுமிச்சை, கொத்தமல்லி. மகாராஷ்டிரா வீடுகள்ல ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடுவாங்க.

அங்க இதுக்குப் பேரு ஃபோட்னீச்சி போளி. அவங்களுக்குப் போளின்னா நம்ம சப்பாத்தி. குஜராத்துல வகாரேலி ரோட்லி. ரெண்டு பேருக்கும் அர்த்தம் ஒண்ணுதான், தாளிச்ச சப்பாத்தி. குஜராத்துக்காரங்க இன்னொரு விதமாவும் செய்வாங்க: சப்பாத்தியைத் துண்டு துண்டாப் பிச்சு, தாளிப்புல ஒன்றரைக் கப் புளிச்ச மோர் ஊத்தி, மஞ்சள், மிளகாத்தூள், சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டு, கொதி வந்ததும் துண்டுகளைச் சேர்த்து நாலு நிமிஷம். மோர்ல ஒரு ஸ்பூன் கடலைமாவு கரைச்சுக்கிட்டு, சிம்முல விடாமக் கிளறினா திரியாது. அடுப்பை அணைக்கும்போது கொஞ்சம் தண்ணியாவே இருக்கட்டும், தட்டுல போடுறதுக்குள்ள துண்டுங்க அத்தனையும் குடிச்சிடும். ரெண்டு மாநிலமும் பேரு வெச்சு ஆசையாச் சாப்பிடுது. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் அது எச்சில் மாதிரி தெரியுது!

இப்ப வருவாங்க. "கெட்டுப்போனதைச் சாப்பிடச் சொல்றீங்களா?" இந்தக் கேள்வி நியாயம், அதனால ஒழுங்காப் பதில் சொல்றேன். தப்பு நடக்குறது ராத்திரி ஹாட்பாக்ஸ்ல. சூடா அடுக்கி மூடிட்டுக் காலையில வரைக்கும் மறந்தா ஆவி மூடியில தண்ணியாச் சேர்ந்து கீழே சொட்டும், அடுக்குல இருக்குறதெல்லாம் நனையும். அந்த வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கு நல்ல வீடு. சாப்பாடு முடிஞ்சதும் மீந்ததைத் துணியில பரப்பி ஆறவிட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜில வெச்சிடுங்க. மறுநாளே தீர்த்திடணும். பிய்க்கும்போது நூல் மாதிரி பிசுபிசுன்னு இழுத்தாலோ, புளிச்ச வாடை வந்தாலோ, எங்கயாவது ஒரு புள்ளி பூசணம் தெரிஞ்சாலோ குப்பைதான். அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மீதியைத் தாளிக்கிற வேலை வேண்டாம், பூசணத்தோட வேர் கண்ணுக்குத் தெரியாமப் பரவியிருக்கும்.

"எண்ணெய் ஜாஸ்தி." ஆமா, ஜாஸ்திதான். தினமும் செய்யச் சொல்லல. பூரி சாப்பிடும்போது இந்தக் கணக்கு எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க.

"அளவாச் சுட வேண்டியதுதானே?" சமையக்கட்டுல நிக்காதவங்கதான் எப்பவும் இதைக் கேப்பாங்க. பன்னெண்டு சுட்டு வெச்சா ஒருத்தர் வெளியில சாப்பிட்டு வர்றார், இன்னொருத்தருக்குப் பசியில்ல. அளவு தப்பினது சுட்டவ கையிலயா?

இன்னொண்ணும் கேக்குறேன். பழைய சோத்துல மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு, பாரம்பரியம்னு போட்டோ போடுறீங்க. முந்தாநாள் இட்லியை உதிர்த்துத் தாளிச்சா இட்லி உப்புமான்னு ரசிச்சுச் சாப்பிடுறீங்க. முந்தாநேத்து அரைச்ச மாவு புளிச்சா "ஊத்தப்பம் போடும்மா"ன்னு கேக்குறீங்க. நேத்துச் சப்பாத்தி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரிக் கடையில தட்டித் தட்டி கொத்து பரோட்டா போடுறாங்களே, அதுல போறது முன்னாடியே சுட்டு ஆறவெச்ச பரோட்டாதான். அங்க கேள்வி கேக்காம வாழை இலையில வாங்கிச் சாப்பிடுற வாய், ஒரு சின்னப் புள்ளையோட டிபன் பாக்ஸைப் பார்த்ததும் இவ்வளவு அகலமாத் திறக்குது.

சரி, பழைய சப்பாத்தி கேவலம்னே வெச்சுக்குவோம். இத்தனை வருஷம் அதை யாரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க? மத்தவங்களுக்குத் தோசை ஊத்திக் குடுத்துட்டு, விறைச்சுப்போன ரெண்டு சப்பாத்தியை டீயில நனைச்சு சிங்க் பக்கத்துல நின்னுக்கிட்டே தின்னது யாரு? அப்ப ஒருத்தரும் "கெட்டுப்போகும், சாப்பிடாதே"ன்னு கேக்கலியே. அதே சப்பாத்தி தாளிப்பு வாசனையோட புள்ளை டப்பாவுக்குப் போனதும் அக்கறை பொங்குது.

அந்தப் பொண்ணு போட்டோவை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு: டப்பாவுல கட்டும்போது தண்ணி மூணுக்குப் பதிலா நாலு மேசைக்கரண்டி தெளிச்சுக்கங்க. மத்தியானத்துக்குள்ள ஆறி மறுபடி விறைக்கும், அந்த ஒரு கரண்டி அதுக்குத்தான். எலுமிச்சை பிழிஞ்சு, சூடு தணிஞ்சப்புறம் மூடுங்க. மூடியில தண்ணி கோக்காது.