ஆர்வம் பத்துக்குப் பத்து, அனுபவம் பூஜ்யம்: அந்த சிவப்புப் பேனாவைப் புடுங்குங்க யாராவது!

"அனுபவம்: இல்லை. 40-க்கு 0." இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிச்ச ஒரு ரெஸ்யூமே மேல சிவப்பு மையில இப்படி எழுதி, கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டு அனுப்பியிருக்காங்க. ஐயா, அது இன்டர்ன்ஷிப்! மூணாவது வருஷம் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு. அனுபவம் இருந்தா அது ஏன் மன்னார்குடி பக்கத்துல இருக்கிற ஒரு மண் பரிசோதனை லேபுக்கு இன்டர்னா வரப்போகுது? வேலைக்கே போயிருக்குமே!

இந்த மார்க் போடுற தாள் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தவுடனே தெரியுது. நிரந்தர டெக்னீஷியன் எடுக்கத் தயாரிச்சது. மேல "டெக்னீஷியன்"னு இருந்ததை அடிச்சுட்டு "இன்டர்ன்"னு எழுதியிருக்கு, அவ்வளவுதான் வேலை. அனுபவத்துக்கு 40, சிஜிபிஏவுக்கு 30, காலேஜுக்கு 20, ஆர்வத்துக்கு 10. காலேஜ் பேருக்கு 20 மார்க் எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கும் புரியல. அனுபவக் கட்டத்துல கிட்டத்தட்ட எல்லாரும் பூஜ்யம், ஆர்வக் கட்டத்துல எல்லாரும் பத்து. அப்போ யாரை எடுக்கிறதுன்னு முடிவு பண்றது சிஜிபிஏவும் காலேஜ் வாசல் போர்டும்தான். இதுக்கு எதுக்கு ரெஸ்யூமே, எதுக்கு ரெண்டு பேர் உக்காந்து படிக்கிறது?

அறிவிப்புல நாம கேட்டது என்ன? மண்ணுல கரிமக் கார்பன் பார்க்க டைட்ரேஷன் செய்யத் தெரியணும். ரீடிங்கை நோட்டுல எழுதி எக்ஸெல்ல ஏத்தணும். மண்ணு கொண்டு வர்ற விவசாயிகிட்ட சர்வே நம்பரும் போன போகம் என்ன பயிருன்னும் கேட்டு எழுதணும். மே நடுவுலேருந்து எட்டு வாரம் முழு நேரம் இருக்கணும். மேட்டூர் ஜூன் 12-ல திறக்கும்னு பேச்சு வந்துட்டாலே, குறுவைக்கு முன்னாடி பார்த்துடலாம்னு மண்ணு வந்து குவியும், அதுக்குத்தான் ஆள். நாலே வரி. இதுல அனுபவம்ங்கிற சொல் எங்க இருக்கு?

சரி, தாளை எழுதினவங்களை மட்டும் திட்டிட்டுப் போயிடலாம்னா, அந்த ரெஸ்யூமேவும் லேசுப்பட்டதில்ல. ஃபைல் பேரே `RESUME FINAL NEW (2).pdf`. ஒண்ணுலேயும் மூணுலேயும் என்ன இருந்துச்சோ. முதல் பக்கத்துல "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உறுதுணையாக"ன்னு அஞ்சு வரி. அதே அஞ்சு வரி அதே காலேஜ்லேருந்து வந்த எல்லா ரெஸ்யூமேலயும் இருக்கு, அதே எழுத்துப்பிழையோட. அடுத்து "பலம்": கடின உழைப்பு, கற்கும் ஆர்வம், எதையும் கற்கத் தயார், வேகமாகக் கற்பவர். ஒரே விஷயத்தை நாலு தடவை சொன்னா நாலு பலமா? ரெண்டாவது பக்கம் முழுக்க, முதல் செமஸ்டர்லேருந்து படிச்ச பேப்பர் பட்டியல், தமிழ் பேப்பர் உட்பட. மூணாவது பக்கத்துல அப்பா பேரு, பிறந்த தேதி, திருமணம் ஆகவில்லை, பொழுதுபோக்கு கோலம் போடுவது. அதுக்குக் கீழே "மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்". இதுக்கு நடுவுல, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினா ஒரு வரி: "புராஜெக்ட்: மண் ஆய்வு."

மண் ஆய்வு. ரெண்டே சொல்லு. அறிவிப்போட முதல் வரியை இந்த ரெண்டு சொல்லுதான் தொடுது. அதைப் போய் மூணாவது பக்கத்துல கோலத்துக்குப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கு. சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போயே போயிடுச்சு.

அப்புறம் லேப்லேருந்து அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ப்ளாங்க் எதுக்கும்மா ஓட்டுறீங்க?" கரிமக் கார்பன் முறை தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கேள்வியோட கனம் தெரியும். ஒரு கிராம் மண்ணுல பத்து மில்லி டைக்ரோமேட்டும் இருபது மில்லி அடர் கந்தக அமிலமும் ஊத்தி, அரை மணி நேரம் விட்டு, தண்ணி சேர்த்து, மண்ணு தின்னது போக மிச்சமிருக்கிற டைக்ரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் வச்சு அளக்கிறது. மண்ணே போடாம அதே மாதிரி ஒண்ணு ஓட்டுறதுதான் ப்ளாங்க்.

அந்தப் பொண்ணு சொன்ன பதில்: "சார், ஃபெரஸ் கரைசல் காத்து பட்டு நாளாக ஆக வலு குறையும். எங்களுக்கு முதல் நாள் ப்ளாங்க் 20 வந்துச்சு, அப்புறம் பழைய பாட்டில்லயே பண்ணப்போ 21 வந்துச்சு. சார் திட்டினதுக்கப்புறம் தினமும் ப்ளாங்க் ஓட்டினோம்."

யோவ், இதுக்கு 40-க்கு 0 போட்டியேய்யா!

இந்தப் பதில் என்ன காப்பாத்துதுன்னு கணக்குப் போட்டே காட்டுறேன். B ப்ளாங்க் ரீடிங், S மண்ணோட ரீடிங், W மண்ணோட எடை.

```
OC % = 10 × (B − S) / B × 0.003 × 100 / W
```

மண்ணு ஒரு கிராம், அதோட ரீடிங் 16.8. அன்னைக்கு ஓட்டின ப்ளாங்க் 21-ஐப் போட்டா கரிமக் கார்பன் 0.60 சதவீதம். ப்ளாங்க் ஓட்டச் சோம்பல்பட்டு, நோட்டுல ஏற்கெனவே இருக்கிற 20-ஐப் போட்டா 0.48. அதே மண்ணு, அதே கை. வழக்கமா 0.5-லேருந்து 0.75 வரைக்கும் நடுத்தரம், அதுக்குக் கீழே போனா குறைவு. இந்தக் கார்பனை வச்சுத்தான் மண்ணுல தழைச்சத்து எவ்வளவுன்னு கணிக்கிறது; "குறைவு"ன்னு மண்வள அட்டையில அச்சடிச்சுட்டா, பொதுப் பரிந்துரையைவிடக் கால் பங்கு தழைச்சத்து கூடப் போடச் சொல்லும். அந்த ஆள் தேவையில்லாம யூரியா வாங்கி வயல்ல கொட்டுவாரு. இத்தனைக்கும் காரணம் ஒரு ப்ளாங்க். இதைக் கையால அனுபவிச்ச பொண்ணு, ரெஸ்யூமேல "மண் ஆய்வு"ன்னு ரெண்டு சொல்லுல முடிச்சிருக்கு. "கிராமத்து வயல்களிலிருந்து மண் எடுத்து கரிமக் கார்பன் டைட்ரேஷன் செய்தேன், தினமும் ப்ளாங்க் ஓட்டினேன்"னு ஒரு வரி எழுதக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? நாலு தடவை "கற்கும் ஆர்வம்" எழுதின இடத்துல இது நல்லாவே அடங்குமே!

இப்போ இன்னொரு ரெஸ்யூமே. அனுபவத்துக்கு 25 மார்க் வாங்கினது. ஏன்? ஒரு மாசப் பயிற்சின்னு கலர்ல சர்டிபிகேட் இருக்கு, தங்க நிற முத்திரை வேற. சர்டிபிகேட்டைப் படிச்சா "ஆலையைப் பார்வையிட்டு ஆர்வத்துடன் பங்கேற்றார்"னு இருக்கு. பையன் என்ன செஞ்சான்னு ஒரு வினைச்சொல்கூட இல்ல. அந்தத் தம்பிகிட்ட கரிமக் கார்பன் டைட்ரேஷன்ல முடிவுல என்ன நிறம் வரும்னு கேட்டா, "ஒயின் சிவப்புலேருந்து நீலம் சார்"னு அடிச்சுச் சொல்லுது. அது தண்ணியோட கடினத்தன்மை பார்க்கிற ஈடிடிஏ டைட்ரேஷன், ராஜா. இதுல டைஃபினைலமீன் போட்டா ஊதா நீலத்துலேருந்து சட்டுனு பச்சைக்குத் தாவும். தம்பி மேல கோவமில்ல. ப்ராக்டிகல் பரீட்சையில அதுக்கு வந்தது அதுவா இருக்கும். முத்திரையைப் பார்த்து 25 போட்டவங்க மேலதான்.

பேப்பர் பேரு இருக்கிறதுக்கு மதிப்பே இல்லைன்னு சொல்லல. "பகுப்பாய்வு வேதியியல்"னு இருந்தா, ப்யூரெட்டைக் கண்ணால பார்த்திருக்குன்னு தெரியுது. அவ்வளவுதான் தெரியுது. அஞ்சு பேர் ஒரு ப்யூரெட்டைச் சுத்தி நின்ன ப்ராக்டிகலும் பேப்பர்தான், தனியா நின்னு சொட்டுச் சொட்டா விட்டதும் பேப்பர்தான். எது நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க, "முடிவு தாண்டிப் போயிட்டா என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. செஞ்ச ஆளு, "அரை மில்லி டைக்ரோமேட் சேர்த்துத் திரும்பச் சொட்டு விட்டு வருவேன், அந்த அரையையும் கணக்குல சேர்ப்பேன்"னு சொல்லும். செய்யாத ஆளு "கவனமா இருப்பேன் சார்"னு சொல்லும். இந்த ரெண்டாவது பதிலுக்குத்தான் நம்ம தாள்ல ஆர்வம் 10.

ஆர்வத்தோட இன்னொரு அழகு, எல்லாத்துக்கும் "ரெடி சார்". எப்போ சேர்றீங்க? நாளைக்கே ரெடி சார். செமஸ்டர் பரீட்சை எப்போ முடியுது? மே கடைசி சார். அறிவிப்புல போட்ட நாலு வரியில தேதி ஒண்ணுதான் ஆமா இல்லைன்னு ரெண்டே பதில்ல முடியுற வரி. முதல்ல பார்க்க வேண்டியதும் அதுதான். நம்ம தாள்ல அதுக்குக் கட்டமே கிடையாது! சேர்த்துட்டு, ஜூன் முதல் வாரத்துல மண்ணு மூட்டை மூட்டையா வந்து கிடக்கும்போது "சார், அரியர் பேப்பர் இருக்கு"ன்னு ஒரு மெசேஜ் வரும். நீங்களும் வாங்கியிருப்பீங்க அந்த மெசேஜை, தெரியும்.

நோட்டு எழுதுற வரிக்கு ஆதாரம் எங்கன்னு அந்தப் பொண்ணு ரெஸ்யூமேல தேடினா ஒண்ணுமில்ல. பேச்சு வாக்குல வெளிய வருது: ஊர்ல அம்மா இருக்கிற மகளிர் குழுவோட கணக்கு நோட்டை மாசாமாசம் இதுதான் எழுதுதாம். யார் எவ்வளவு சேமிப்பு, யாருக்கு எவ்வளவு கடன், வட்டி, மிச்சம், எல்லாம். ஏம்மா எழுதலைன்னு கேட்டா, "அது வேலை இல்லையே சார், வீட்டு விஷயம்". கோலம் மட்டும் அலுவலக விஷயமா?

படிச்சதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதது ஒண்ணு இருக்கு: ஒரே டைட்ரேஷனை நாள் முழுக்கச் செஞ்சாலும் கடைசி மாதிரியில கை தளராம இருக்குமான்னு. அதுக்கு ரெஸ்யூமேவைச் சுரண்டிப் பிரயோஜனமில்ல. அரை நாள் கூப்பிட்டு, ஒரே மண்ணை ரெண்டு பொட்டலத்துல வேற வேற நம்பர் போட்டு, மத்த மாதிரிகளுக்கு நடுவுல கலந்து கொடுங்க. ரெண்டு ரீடிங்கும் ஒட்டி வந்தா கை நல்ல கை. ரொம்ப விலகி வந்தா, அதைப் பார்த்துட்டு "சார் இதைத் திரும்பப் பண்ணட்டுமா"ன்னு கேக்குதான்னு பாருங்க. கேட்டா, ஆர்வம் 10 அப்போ போடுங்க, நானே கைதட்டுறேன்.

புதுசா ஒரு தாள் போட்டுக் கொடுத்தாச்சு: இடது பக்கம் அறிவிப்போட நாலு வரி, வலது பக்கம் அந்த வரிக்கு ரெஸ்யூமேல என்ன ஆதாரம், இல்லைன்னா போன்ல கேக்க வேண்டிய ஒரு கேள்வி. மார்க் கடைசியில. பதில் என்ன வந்துச்சு தெரியுமா? "நல்லா இருக்கு சார், ஆனா அனுபவத்துக்கு ஒரு கட்டம் விட்டுப்போச்சே."

போங்கய்யா. சிரிப்புதான் வருது.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் மண்ணு கொண்டு வந்து மேசை மேல வச்சுட்டுப் போயிருக்காரு, யூரியா சாக்குல. உள்ள ஓரத்துல வெள்ளை வெள்ளையா உருண்டை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு! தழைச்சத்து எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லணுமாம். உங்க வயலுக்கா அண்ணே, சாக்குக்கா?