ஏர் கன்னும் சட்டைத் தூசியும்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும், தூசி போக்குவதற்காக ஒருவர் இன்னொருவரின் சட்டைக்குள், கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை விட்டு அடிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அதன் கீழே "உடம்பில் ஏர் அடிக்காதீர்கள்" என்று எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "ஏட்டுச் சுரைக்காய்". இருக்கட்டும், மறுபடியும் சொல்கிறேன்: உடம்பில் ஏர் அடிக்காதீர்கள்.

பட்டறை லைனில் ஓடும் அழுத்தம் பெரும்பாலும் 90 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். கார் டயரில் நாம் வைப்பதே ஏறக்குறைய 32 தான். முனை தள்ளி இருக்கும்வரை காற்று சிதறிவிடும். தோலோடு ஒட்டி வழி அடைபட்டால், லைனின் முழு அழுத்தமும் அந்த இடத்தில் இறங்கும்.

நான் முன்பு வேலை பார்த்த லேத் பட்டறையில் ஒரு தம்பி, விரலில் சிறு வெட்டுக்காயம் இருந்த கையால் முனையை மூடிக்கொண்டே விசையை அழுத்தினான். வலி பெரிதாக இல்லை. தேநீர் குடிக்கப் போனான். மாலைக்குள் முன்கை வீங்கியது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்றது. உள்ளே புகுந்த காற்றின் அடையாளம் அந்தச் சத்தம்தான். காற்று நாளடைவில் கரைந்துவிடும்; ஆனால் கம்ப்ரசர் எண்ணெயும், துருவும், அழுக்கு நீரும் அதனோடு போயிருக்கலாம் என்பதால்தான் மருத்துவர் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. காயம் சிறியது என்று காத்திருக்காமல், "அழுத்தக் காற்று உள்ளே போயிருக்கிறது" என்று மருத்துவமனையில் முதலிலேயே சொல்ல வேண்டும்.

"முப்பது வருடமாக அடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார் ஒரு அண்ணன். உங்களுக்கு ஆகவில்லை, மகிழ்ச்சி. 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு பைக் சர்வீஸ் கடையில், நண்பன் விளையாட்டாகப் பின்புறத்தில் காற்றடித்ததில் குடல் சிதைந்து ஓர் இளைஞர் இறந்தார். அங்கேயும் முதலில் சிரித்துத்தான் இருப்பார்கள்.

"குறைந்த அழுத்தமுள்ள முனை போட்டால் போதாதா?" இது நியாயமான கேள்வி. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது; அப்போதும் தெறிக்கும் துகளைத் தடுக்கும் மறைப்பும் கண்ணாடியும் கட்டாயம். பக்கவாட்டுத் துளையுள்ள முனை அதற்காகவே வந்தது. ஆனால் அந்த வரம்பு எந்திரத்தின் தூசிக்கு. கண்ணும் செவிப்பறையும் அதற்கும் குறைந்த அழுத்தத்திலேயே சேதமாகும்.

ஹோஸைப் பற்றிக் கேட்டால் இன்னும் சிரிப்பார்கள். வால்வை மூடி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றாமல் ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைப் பிடுங்கினால், ஹோஸின் முனையில் தொங்கும் இரும்பு முகத்தை நோக்கிச் சுழன்று அடிக்கும். கப்ளிங்கின் இரு பக்கத்தையும் பிணைக்கும் ஒரு பாதுகாப்புக் கம்பி போடச் சொன்னதற்கு, "சாருக்கு பயம்" என்றார்கள். ஆம், பயம்தான்.

தூசியோடு எப்படி வீட்டுக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு: தூசி உறிஞ்சும் வாக்குவம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஈரத்துணியும் மாற்றுச் சட்டையும் இருக்கின்றன. கம்ப்ரசர் வாங்கக் காசிருந்த முதலாளியிடம் இதற்கும் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.