எக்செல் இலவசமாம்! ஓவர்டைம் யார் வீட்டுக் காசு?

கஸ்டமர் சப்போர்ட்டில் நாற்பது பேருக்கு ஷிப்ட் போடுகிற வேலை எங்களுடையது. அதற்குக் காசு கட்டி ஒரு டூல் வாங்கலாம் என்று மேனேஜருக்கு மெமோ எழுதிக் கொடுத்தால், வந்த பதில் ஒரே வரி: "எக்செல்தான் இருக்கே, அது இலவசம்தானே?"

எது சார் இலவசம்? Roster_final_v3_revised.xlsx என்று ஒரு ஃபைல் சுற்றுகிறது, அதற்கு முந்தைய v3 இன்னும் பாதிப் பேர் போனில் இருக்கிறது. மஞ்சள் அடித்த கட்டம் என்றால் லீவு. ஆனால் மஞ்சளை எக்செல் எண்ணாது, அதனால் கீழே இருக்கிற மொத்தத்தில் அந்த ஆளும் வேலைக்கு வருவதாகவே கணக்கு. இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள், டீம் லீட் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுகிறார், ஃபைலில் யாரும் மாற்றுவதில்லை. காலை ஆறு மணிக்கு சீட் காலி. இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்புகிற ஆளைத்தான் "இன்னும் கொஞ்ச நேரம் இருப்பா" என்று கெஞ்ச வேண்டும். அங்கே கேப் டிரைவர், இன்றைக்கு வீக் ஆஃப் ஆன பெண்ணின் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

நான் ஒன்றும் ஆசைப்பட்டதை எல்லாம் எழுதிவிடவில்லை. இப்படி மெமோ எழுதுகிறவர்கள் வழக்கமாக "டீம் லீட்களுக்கு இத்தனை மணி நேரம் மிச்சம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஃபைனான்ஸ் அதைப் பார்த்துச் சிரிக்கும், ஏனென்றால் அந்தச் சம்பளம் எப்படியும் போகத்தான் போகிறது. அதனால் அதைச் சேமிப்பில் சேர்க்கவே இல்லை. கையை விட்டுப் போகிற காசை மட்டும் எடுத்தேன்.

செலவு: ஒரு ஆளுக்கு மாதம் 250 ரூபாய், நாற்பது பேருக்கு வருடம் 1,20,000. 18% ஜிஎஸ்டியோடு 1,41,600. வரியை இன்புட் கிரெடிட்டில் எடுக்க முடியும் என்றாலும் முழுத் தொகையையே போட்டேன், பின்னால் யாரும் மறைத்துவிட்டாய் என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

சேமிப்பு: மாதம் 25,000 சம்பளத்தை 26 நாள், 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 120. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, ஆக ஒரு முழு ஷிப்டுக்கு 1,920. ரோஸ்டர் குளறுபடியால் மட்டும் மாதம் பத்து ஷிப்ட் இப்படிப் போகிறது. வருடம் 2,30,400. வெறுமனே வந்து போகும் கேப் மாதம் எட்டு, தலா 900, அது 86,400. இரண்டிலும் பாதிதான் குறையும் என்று கஞ்சத்தனமாகவே வைத்தேன். 1,58,400 வருகிறது. டூலின் விலையைக் கழித்தால் மிச்சம் 16,800. பெரிய தொகை இல்லைதான், ஆனால் கூட்டிச் சொல்லாத தொகை.

ஆபத்தையும் நானே எழுதினேன். டூல் வாங்கிய பிறகும் வாட்ஸ்அப்பில் ஷிப்ட் மாற்றிக்கொண்டால் இருக்கிற இரண்டு ரோஸ்டர் மூன்றாகும், காசும் தண்டம். ஆகவே ஆப்பில் அப்ரூவ் ஆகாத மாற்றம் செல்லாது என்று மேனேஜர் பெயரில் ஒரு மெயில் போக வேண்டும், அதை வேறு யார் சொன்னாலும் எடுபடாது. அப்புறம், வருடச் சந்தாவில் முன்னாலேயே கட்டிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. அதற்காக முதலில் 12 பேர் உள்ள ஒரு டீமுக்கு மட்டும் மூன்று மாதம், மாதச் சந்தாவில் கேட்டேன். ஆளுக்கு 300, வரியோடு மொத்தம் 12,744 ரூபாய். அந்த டீமின் குளறுபடி ஓவர்டைம் மூன்றில் ஒரு பங்காவது குறையாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். இதற்கு மேல் என்னதான் எழுதுவது?

அதற்கும் "நம்ம பசங்களே ஒரு டூல் எழுதிட மாட்டாங்களா?" என்கிறார். எழுதுவார்கள் சார். எழுதிய பையன் வேறு கம்பெனிக்குப் போனதும் அதை யார் பார்ப்பது? ஷிப்டுக்கு நடுவே ஓய்வு நேரம் போதுமா, லீவு கழிந்ததா, கேப் பட்டியல் மாறியதா என்று பார்க்கிற விதி ஒவ்வொன்றையும் யார் சோதிப்பது? அந்தப் பசங்களுக்கு மட்டும் சம்பளம் கிடையாதா? இலவச வெர்ஷனையும் பார்த்தாச்சு, நாங்கள் பார்த்ததில் ஷிப்ட் மாற்ற அப்ரூவலே கிடையாது. நமக்கு வேண்டியதே அதுதான்.

"பார்க்கலாம், அடுத்த குவார்ட்டர்" என்று ஃபைலை மூடிவிட்டார். சரி என்று வந்து உட்கார்ந்தால் ஃபைனான்ஸிலிருந்து மெயில்: ஓவர்டைம் ஏன் ஏறுகிறது, எழுத்தில் விளக்கம் வேண்டும், மேனேஜருக்கும் காப்பி. விளக்கம்தானே? அந்த மெமோவையே அட்டாச் பண்ணி ரிப்ளை ஆல் போட்டுவிட்டேன்.