குவாரியின் 20 விழுக்காடு: ஒரு திருத்தம்

“ஜொகூர் கல்குவாரிக்கு ஐஆர்ஆர் 20%. வங்கி வட்டி 8%தான். கண்ணை மூடிக்கிட்டுப் பணம் போடலாம்.”

அண்ணே, நீங்கள் மேலே எழுதிய ஐஆர்ஆர், அதாவது வரவையும் செலவையும் இன்றைய மதிப்பில் சமமாக்கும் வட்டி விகிதம், 20% என்ற கணக்கில் பிழையில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. நீங்கள் போட்ட எண்கள்படி முதலில் 10 மில்லியன் வெள்ளி போகிறது. அடுத்த ஆண்டு 23 வருகிறது. அதற்கடுத்த ஆண்டு குழியின் செங்குத்துச் சுவரைச் சரிவாக்கி, மேல்மண் பரப்பி, மரம் நட 13.2 போகிறது. பணம் போய், வந்து, மறுபடியும் போவதால் இங்கே ஐஆர்ஆர் இரண்டு. ஐஆர்ஆர் 10% என்று இங்கே பதில் எழுதிய தம்பியும் பாதி சரி.

எக்செலில் A1 முதல் A3 வரை -10, 23, -13.2 என்று போட்டுப் பாருங்கள்:

```
=IRR(A1:A3,0.05)
=IRR(A1:A3,0.3)
=A1+NPV(8%,A2:A3)
```

முதலாவது 10%, இரண்டாவது 20%. மூன்றாவது, எல்லா வரவு செலவின் இன்றைய நிகர மதிப்பு; அதைத்தான் நம்ப வேண்டும்: 8 விழுக்காட்டில் சுமார் 21,000 வெள்ளி நட்டம். அதே இடத்தில் 15% போட்டால் லாபம் காட்டும். வட்டி குறையக் குறைய, கடைசிச் செலவின் இன்றைய பாரம் கூடுகிறது.

வீட்டுக் கடனிலும் இப்படி இரண்டு ஐஆர்ஆர் வருமா என்று கேட்ட அக்காவுக்கு: அதில் பணத்தின் திசை ஒருமுறைதான் மாறும், இந்தச் சிக்கல் வராது. 13.2 மில்லியன் போதுமா என்பது குழியின் ஆழத்தைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.