மொத்த மார்க்கை வச்சு வின்னர் சொல்லலாமா?

கிணத்துத் தண்ணி மோட்டர் ரெண்டை டேபிள் போட்டு ஒப்பிட்டு கட்டுரை எழுதுற தம்பி ஒராள் இப்பிடிச் சொல்றாரு:

"ரெண்டு மோட்டருக்கும் விலை, ரிப்பேர், சத்தம் மூண்டுக்கும் பத்துப்பத்து மார்க் போட்டு கூட்டினா, கூட வாறதுதான் நல்லது, அதான் நியாயமான ஒப்பீடு"

மன்னிக்கணும் தம்பி, அப்பிடி வராது. உங்கட டேபிளையே எடுங்க, மேல வைக்கிற மோட்டருக்கு 9, 8, 4, மொத்தம் 21, தண்ணிக்குள்ள இறக்குற சப்மர்சிபிளுக்கு 4, 4, 9, மொத்தம் 17. இப்ப சத்தத்துக்கு மட்டும் மார்க்கை ரெண்டு மடங்காக்கிப் பாருங்க, 25க்கு 26 எண்டு திரும்பிரும். மோட்டர் மாறல்ல, எது முக்கியம் எண்டு எழுதினவர் நினைச்சதுதான் மாறிச்சு.

அதவிடப் பெரிய விசயம், தண்ணி மட்டம். மேல வைக்கிற சாதாரண மோட்டர் 25 அடிக்குக் கீழ இருந்து உறிஞ்ச ரொம்பக் கஷ்டப்படும். காத்தான்குடிப் பக்கம் மணல்ல தோண்டின கிணத்துக்கு அது போதும், ஆனா தண்ணி 40 அடியில நிக்கிற ஒராளுக்கு உங்கட 21 மார்க் மோட்டர் ஒரு சொட்டும் தராது. அதனால கட்டுரையில முதல் கேள்வியே "உங்கட தண்ணி எத்தின அடியில?" எண்டுதான் இருக்கணும், மார்க்கெல்லாம் அதுக்குப் பிறகு.

நானா ஒராள் விலையை மட்டும் பாருங்க எண்டாரு, ரெண்டும் உங்கட கிணத்துக்குச் சரிவந்தா அது சரிதான். சந்தேகமெண்டா கயித்துல கல்லுக்கட்டி இறக்கி நனைஞ்ச இடம் வரைக்கும் அளங்க, பிறகு மோட்டர் தகட்டுல `Suct. max` எண்டு, அதாவது ஆகக்கூட உறிஞ்சுற ஆழம், மீட்டர்ல இருக்கிறதோட ஒப்பிடுங்க, ஒரு மீட்டர் 3.3 அடி. வருசக் கடைசி மழைக்கு அளக்காம கோடையில அளங்க.