வயதை மறைத்துவிட்டு மரணத்தை எண்ணாதீர்கள்

இரண்டு நாளாக எல்லோர் சுவரிலும் ஓடுகிற அந்த இறப்பு வீதப் பட்டியலைப் பற்றித்தான். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஜப்பானில் 12 மரணத்துக்கு மேல், கத்தாரில் 2-க்கும் கீழ். "எந்த நாட்டு மருத்துவம் ஒசத்தி, நீங்களே பாருங்க" என்று கீழே ஒரு வரி. எண்கள் சரிதான், முடிவுதான் அபத்தம். ஜப்பானில் பத்தில் மூன்று பேருக்குக் கொஞ்சம்தான் குறைவு, 65 வயதைத் தாண்டியவர்கள். கத்தார் மக்கள்தொகையில் பெரும்பங்கு, வேலைக்காக வந்த நடுவயதுக்கும் குறைந்தவர்கள். இதைச் சொன்னதற்குத்தான் "புள்ளிவிவர வித்தை காட்டாதீங்க" என்று ஏச்சு. சரி, வித்தையை மேசைமேல் வைத்தே காட்டுகிறேன்.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு லட்சம் பேர். முதல் ஊர் இளமையானது: 40 வயதுக்குக் கீழ் 70,000, 40 முதல் 64 வரை 25,000, 65-க்கு மேல் 5,000. இந்த மூன்று வயதுப் பிரிவிலும் ஆயிரத்துக்கு இறப்பவர்கள் முறையே 2, 8, 60. இரண்டாவது ஊர் முதிர்ந்தது: 40,000, 35,000, 25,000. அங்கே இறப்பு வீதம் 1, 5, 40. எந்த வயதை எடுத்தாலும் இரண்டாவது ஊரில்தான் சாவு குறைவு. இப்போது பெருக்கிக் கூட்டுங்கள். முதல் ஊரில் 640 மரணம், இரண்டாவதில் 1,215. ஆயிரத்துக்கு 6.4, 12.15. இதுதான் கச்சா வீதம். எல்லா வயதிலும் நன்றாக இருக்கும் ஊர், கச்சா வீதத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மோசமாகத் தெரிகிறது. அந்தப் பட்டியல் செய்ததும் இதையேதான்.

இதைச் சரிசெய்கிற நேரடித் தரப்படுத்தல் என்பது இவ்வளவுதான்: இரண்டு ஊருக்கும் ஒரே வயது அமைப்பைக் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் இறப்பார்கள் என்று கேட்பது. இரண்டு ஊரையும் சேர்த்த மக்கள்தொகையையே தரமாக, அதாவது பொது அளவுகோலாக, வைப்போம்: 1,10,000, 60,000, 30,000. முதல் ஊரின் வீதங்களை இதன்மேல் போட்டால் 2,500 மரணம், ஆயிரத்துக்கு 12.5. இரண்டாவது ஊரின் வீதங்களைப் போட்டால் 1,610, அதாவது 8.05. வரிசை தலைகீழ்.

"அப்படியானால் 8.05 என்பது நிஜத்தில் இல்லாத எண்தானே?" ஆமாம், இல்லாத எண்தான். ஒப்பிட மட்டுமே அது. எத்தனை மரணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு 1,215 தான் வேண்டும், கச்சா எண்ணை அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். நான் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒப்பிடாதீர்கள் என்கிறேன். எத்தனை முறை சொல்வது?

"தரத்தை மாற்றினால் எண்ணும் மாறுமே" என்றார் இன்னொருவர். மாறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் தர மக்கள்தொகை போன்ற ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்கிறோம். வெவ்வேறு தரத்தில் கணக்கிட்ட இரண்டு எண்களை அருகருகே வைத்தால் அது உங்கள் தப்பு.

ஆனால் என்னை நிஜமாகவே கடுப்பேற்றியது பட்டியல் போட்டவர் அல்ல. அவருக்குப் பாடம் எடுக்க வந்து, "எஸ்.எம்.ஆர். என்கிற தரப்படுத்திய இறப்பு விகிதத்தைப் பாருங்க, அதில் வரிசைப்படுத்துங்க" என்று போன விவரமானவர். விஷயம் தெரிந்தவரே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எஸ்.எம்.ஆர். மறைமுக முறையில் வருவது. சிறிய ஊர்களில் ஒவ்வொரு வயதிலும் இரண்டோ மூன்றோ மரணம்தான் இருக்கும், ஒன்று கூடினாலே அந்த வயதின் வீதம் எகிறிவிடும். சில இடங்களில் இறந்தவர்களின் வயதே கிடைக்காது. அப்போது வெளியிலிருந்து ஒரு தர வீதத்தை எடுத்து, அந்த ஊரின் சொந்த வயது அமைப்பின்மேல் போட்டு, எத்தனை மரணம் எதிர்பார்க்கலாம் என்று பார்க்கிறோம். நடந்ததை எதிர்பார்த்ததால் வகுத்து நூறால் பெருக்கினால் எஸ்.எம்.ஆர். நம் இரண்டாவது ஊரின் வீதங்களைத் தரமாக்கினால் முதல் ஊரில் எதிர்பார்ப்பது 395, நடந்தது 640, விடை 162. எதிர்பார்த்ததைவிட 62 சதவீதம் அதிகம். அழகான முறை, குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் எடை அந்தந்த ஊரின் சொந்த வயது அமைப்பு. தர வீதம் இளையோருக்கு 5, முதியோருக்கு 50 என்று வையுங்கள். இரண்டு கிராமங்கள், இரண்டிலும் வீதம் அச்சாக ஒன்றே: 10, 50. ஒன்றில் 9,000 இளையோர், 1,000 முதியோர்: நடந்தது 140, எதிர்பார்த்தது 95, எஸ்.எம்.ஆர். 147. மற்றதில் ஐயாயிரம் ஐயாயிரம்: 300, 275, எஸ்.எம்.ஆர். 109. வீதத்தில் துளி வித்தியாசம் இல்லை, ஆனால் ஒன்று 'ஆபத்தான கிராமம்', மற்றது 'பரவாயில்லை'. ஆகவே ஒவ்வொரு எஸ்.எம்.ஆரையும் தரத்தோடு, அதாவது நூறோடு ஒப்பிடலாம். ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப் போட்டால், கச்சா வீதத்தில் செய்த அதே பிழையைக் கொஞ்சம் படித்த தோரணையில் செய்கிறீர்கள்.

"எந்த எண்ணைத்தான் நம்புவது?" என்று கேட்பவர்களுக்கு: முதலில் வயதுவாரியான வீதங்களைப் போடுங்கள். இளையோரில் ஒரு ஊரும் முதியோரில் இன்னொரு ஊரும் மோசமாக இருந்தால், எந்தத் தரத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறிவிடுவார். அந்த நிலையில் ஒற்றை எண் எதையும் போடாதீர்கள், அட்டவணையை மட்டும் போடுங்கள். லைக் குறையும், தெரியும்.